விழித்திரையில் பதிந்த பிறை

2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முழு சூரிய கிரகணம், நியூயார்க் நகரில் பகுதிக் கிரகணமாகத்தான் தெரிந்தது. அங்கே உச்ச நேரத்தில் சூரியனின் பரப்பில் சுமார் எழுபது சதவீதம் மறைந்திருந்தது. இருபதுகளில் இருந்த ஒரு பெண் அப்போது சூரியனைப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் சில முறை பார்த்தார். மொத்தமாக ஆறு நொடி அளவுக்குப் பார்த்திருப்பார். பிறகு கிரகணக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்னும் பதினைந்து இருபது நொடி பார்த்தார். சில மணி நேரத்தில் பார்வை மங்கியது. நேர்கோடுகள் நெளிந்து தெரிந்தன, நிறங்கள் மாறித் தெரிந்தன. இடது கண்ணில், எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு கரும்புள்ளி வந்து நின்றது.

மருத்துவர்கள் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து அந்தக் கரும்புள்ளியை வரையச் சொன்னார்கள். அவர் வரைந்தது ஒரு பிறை. பிறகு, விழித்திரையில் உள்ள செல்களைத் தனித்தனியாகக் காட்டக்கூடிய மிக நுட்பமான கேமராவால் அந்தக் கண்ணைப் படமெடுத்தார்கள். ஒளியை உணரும் செல்கள் சிதைந்திருந்த இடமும் பிறை வடிவத்திலேயே இருந்தது. அன்றைக்கு வானத்தில் சூரியன் இருந்த அதே வடிவம். அந்த ஆண்டு டிசம்பரில் இந்த விவரம் ஒரு கண் மருத்துவ ஆய்விதழில் வெளியானது.

கிரகணத்தை வெறும் கண்ணால் ஏன் பார்க்கக்கூடாது என்பதற்கான விளக்கம் முழுவதும் இந்தப் பிறையில் இருக்கிறது. கிரகண நேரத்தில் சூரியனிலிருந்து ஏதோ விசேஷக் கதிர் வருகிறது என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் இருக்கிறது. அப்படி எதுவும் வருவதில்லை. மறையாமல் மிஞ்சி நிற்கும் சூரியன், எந்த நாளும் இருக்கும் அதே சூரியன்தான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

முதலில் வானத்தில் நடப்பதைப் பார்ப்போம். சூரியனின் விட்டம் நிலவின் விட்டத்தைப் போலச் சுமார் 400 மடங்கு. சூரியன் இருக்கும் தொலைவும் நிலவின் தொலைவைப் போலச் சுமார் 400 மடங்கு. அதனால் இரண்டும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவில், அரை டிகிரி அகலத்தில் தெரிகின்றன. அமாவாசை அன்று நிலவு நமக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட பக்கத்தில் இருக்கும். ஆனால் நிலவின் பாதை சுமார் ஐந்து டிகிரி சாய்ந்திருப்பதால், பெரும்பாலான அமாவாசைகளில் அதன் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும். மூன்றும் சரியாக ஒரே கோட்டில் அமையும் அமாவாசையில் மட்டும் நிழல் பூமியைத் தொடும். அதுதான் சூரிய கிரகணம்.

நிலவு தன் விட்டம் அளவுக்கு வானத்தில் நகர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதனால் சூரியன் சட்டென்று மறைவதில்லை. மேற்கு விளிம்பில் ஒரு சிறு கடி விழுந்ததுபோலத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, உச்சத்தைத் தொட்டு, அதே போல மெதுவாகத் திரும்ப வளரும்.

தமிழ்நாட்டில் பலருக்கு நினைவிருக்கும் 2019 டிசம்பர் 26 கிரகணத்தையே எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணியைத் தாண்டியதும் தொடங்கியது. ஒன்பதரை மணி வாக்கில் ஊட்டி, கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று ஒரு பட்டையாக நீண்ட பகுதியிலும், கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்திலும், சூரியன் ஒரு வளையமாகத் தெரிந்தது. பட்டையின் நடுக்கோட்டில் வளையம் மூன்று நிமிடம் போல நின்றது. பதினொரு மணிக்குப் பிறகு எல்லாம் முடிந்தது. சென்னை போன்ற மற்ற ஊர்களில் பிறைச் சூரியன் மட்டும்தான்.

நிலவு ஏன் சூரியனை முழுக்க மூடவில்லை? நிலவின் பாதை சரியான வட்டம் இல்லை. பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தொலைவு சுமார் 3,63,000 கிலோமீட்டரிலிருந்து 4,05,000 கிலோமீட்டர் வரை மாறிக்கொண்டே இருக்கும். பூமியும் ஜனவரி முதல் வாரத்தில்தான் சூரியனுக்கு மிக அருகில் வரும். அதனால் டிசம்பர் கடைசியில் சூரியன் வழக்கத்தைவிடச் சற்றே பெரிதாகத் தெரியும். அன்றைக்கு நிலவின் தோற்ற விட்டம் சூரியனுடையதில் 97 சதவீதம்தான் இருந்தது. அந்த வித்தியாசம்தான் விளிம்பைச் சுற்றி நெருப்பு வளையமாக மிஞ்சியது.

விட்டத்தில் 97 சதவீதம் என்றால் பரப்பில் 94 சதவீதம். அதாவது வளையம் உச்சத்தில் இருந்தபோது சூரிய ஒளியில் ஆறு சதவீதம்தான் வந்துகொண்டிருந்தது. வெயில் மங்கி, காற்று குளிர்ந்து, சுற்றுப்புறத்துக்கே ஒரு விநோதமான சாம்பல் வெளிச்சம் வந்துவிடும். இவ்வளவு மங்கிய பிறகு பார்த்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அந்த எண்ணம் எங்கே தவறுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

முழு சூரியன், முழு நிலவைப் போலச் சுமார் நான்கு லட்சம் மடங்கு ஒளிமிக்கது. அதில் ஆறு சதவீதம் என்பது இருபத்து நாலாயிரம் பௌர்ணமி நிலவுகளின் ஒளி. 99 சதவீதம் மறைந்து ஒரே ஒரு சதவீதம் மிஞ்சினால்கூட நாலாயிரம் பௌர்ணமிகள். ஆனால் இந்தக் கணக்கும் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. மீதிப் பாதி, அந்த ஒளி விழித்திரையில் எப்படி விழுகிறது என்பதில் இருக்கிறது.

கண் ஒரு பிம்பத்தை உருவாக்கும் கருவி. நாம் சூரியனை நேராகப் பார்க்கும்போது அதன் பிம்பம் விழித்திரையின் நடுவில், சுமார் 0.16 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன வட்டமாக விழுகிறது. நிலவு சூரியனின் பாதியை மறைத்தால் இந்தப் பிம்பத்தின் பாதி இருண்டுவிடும், மறுபாதி அப்படியே இருக்கும். பிறையாகத் தேய்ந்தால் பிம்பமும் பிறையாகத் தேயும். பிறைக்கு உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஒளியின் கடுமை குறைவதில்லை. மறைந்த பகுதியின் ஒளி மட்டும்தான் வரவில்லை, மறையாத பகுதி தன் முழு வீரியத்தோடு தன் இடத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. சூரியனின் ஓரம் அதன் நடுப்பகுதியைவிட ஓரளவு மங்கல் என்பது உண்மைதான். ஆனால் கண்ணைக் காப்பாற்றும் அளவுக்கு மங்கல் இல்லை.

நியூயார்க் பெண்ணின் விழித்திரையில் விழுந்த வடு முழு வட்டமாக இல்லாமல் பிறையாக இருந்ததற்குக் காரணம் இதுதான். கிரகணம் சேதத்தின் கடுமையைக் குறைக்கவில்லை, சேதத்தின் பரப்பை மட்டும் குறைத்தது. பரப்பு குறைந்ததால் லாபம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த 0.16 மில்லிமீட்டர் விழுவது எங்கே என்று பார்க்க வேண்டும். விழித்திரையின் மையத்தில் ஒரு சின்னக் குழி உண்டு. படிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்தக் குழியின் வேலை. அதன் நடுவில், ஒளியை உணரும் கூம்பு செல்கள் மட்டுமே நெருக்கமாக அடைந்திருக்கும் பகுதி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அகலம்தான். எதையாவது நேராகப் பார்ப்பது என்றாலே அதன் பிம்பத்தை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதுதான். சூரியனைப் பார்த்தாலும் அப்படித்தான்.

சாதாரண நாளில் ஏன் இது நடப்பதில்லை? ஏனென்றால் சாதாரண நாளில் நம்மால் சூரியனைப் பார்க்க முடியாது. கண் கூசும், இமை தானாக மூடும், தலை திரும்பிக்கொள்ளும். நொடியின் கால் பங்குக்குள் இது முடிந்துவிடும். நாம் நினைத்துச் செய்வது இல்லை, உடம்பே செய்துவிடுகிறது. இந்தக் கூச்சம், கண்ணுக்குள் நுழையும் மொத்த ஒளியைப் பொறுத்தது. கிரகணத்தில் மொத்த ஒளி வெகுவாகக் குறைந்துவிடுவதால் கூச்சமும் குறைகிறது, விரும்பினால் உற்றுப் பார்க்க முடிகிறது. சுற்றுப்புறம் மங்குவதால் கண்பாவையும் சற்று விரிந்து, கூடுதல் ஒளியை உள்ளே விடுகிறது. மொத்த ஒளியை வைத்து ஆபத்தை அளக்கும் கண்ணின் காவல் இங்கே ஏமாந்துபோகிறது. சாதாரண வெயில் கண்ணாடியும் இதே தவறைத்தான் செய்கிறது. கூச்சத்தைக் குறைத்துவிட்டு, ஆபத்தான ஒளியை உள்ளே விட்டுவிடும்.

வலிக்குமே, வலித்தால் பார்ப்பதை நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அங்கே என்ன நடந்தாலும் வலிக்காது.

சரி, உள்ளே நடப்பதுதான் என்ன? பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவதோடு இதை ஒப்பிடுவது வழக்கம். பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். ஆனால் பெரும்பாலான நேரங்களில் நடப்பது அது இல்லை. பகல் வெளிச்சத்தில் கண்பாவை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதன் வழியே நுழையும் சூரிய ஒளியின் சக்தி ஒரு வாட்டில் ஆயிரத்தில் மூன்று பங்குதான். விழித்திரைக்குப் பின்னால் ஓடும் ரத்தம் வெப்பத்தை உடனுக்குடன் கடத்திக்கொண்டு போகும். அதனால் அந்த இடத்தின் வெப்பநிலை சில டிகிரி ஏறும், திசுவைப் பொசுக்கும் அளவுக்கு ஏறாது. தொலைநோக்கியோ பைனாகுலரோ வைத்துப் பார்த்தாலும், கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டிருந்தாலும் கதை வேறு, அப்போது நிஜமாகவே பொசுங்கும்.

வெறும் கண்ணால் பார்ப்பவருக்கு நடப்பது வேதியியல் சேதம். 1976இல் வில்லியம் ஹாம் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் குரங்குகளின் விழித்திரையில் பல நிற ஒளிகளைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒரே அளவு ஒளியாக இருந்தாலும் சிவப்பைவிட நீலம் பலமடங்கு எளிதாகச் சேதம் விளைவிப்பதைக் கண்டார்கள். வெப்பம்தான் காரணம் என்றால் நிறத்தைப் பொறுத்து இவ்வளவு வித்தியாசம் வராது. நீல ஒளியின் ஒவ்வொரு துகளிலும் ஆற்றல் அதிகம். விழித்திரையிலும் அதன் பின்னால் ஒட்டியிருக்கும் நிறமிப் படலத்திலும் உள்ள சில மூலக்கூறுகள் அந்த ஆற்றலை உறிஞ்சி, அருகில் இருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகின்றன. அப்படித் தூண்டப்பட்ட ஆக்சிஜன் கண்டதையெல்லாம் தாக்கும் இயல்புடையது. செல்களின் சவ்வில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் அரித்துவிடும். விழித்திரை எப்போதும் ஆக்சிஜன் நிறைந்த இடம், அதன் செல்கள் கொழுப்புச் சவ்வுகளை அடுக்கடுக்காக வைத்தவை. இந்த வகைத் தாக்குதலுக்கு அது மிக வசதியான இடம்.

இது வெப்பம் இல்லை, வேதியியல் என்று தெரிந்தால் மூன்று விஷயங்கள் விளங்கிவிடும்.

ஒன்று, சேதம் உடனே தெரியாது. அரிக்கப்பட்ட செல்கள் வீங்கிச் சிதையச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் கிரகணத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் மதியம் வரை எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லிக்கொண்டிருப்பார். மறுநாள் காலை செய்தித்தாளை விரித்தால்தான் தெரியும்.

இரண்டு, அளவு கூடிக்கொண்டே போகும். சூடு என்றால் கண்ணைத் திருப்பியதும் ஆறிவிடும். வேதி வினை அப்படி ஆறுவதில்லை. இப்போது ஒரு நொடி, ஐந்து நிமிடம் கழித்து ஒரு நொடி, அப்புறம் வளையம் வந்ததும் இரண்டு நொடி என்று விட்டுவிட்டுப் பார்த்தாலும் எல்லாம் ஒரே கணக்கில் சேரும். கண் பாதுகாப்புக்காக வகுக்கப்பட்டுள்ள நீல ஒளி வரம்பை உச்சி வெயில் சூரியனுக்குப் பொருத்திப் பார்த்தால், ஒரு நாளைக்குக் கிடைப்பது சுமார் ஒரு நொடிதான். அந்த வரம்பைத் தாண்டிய கணமே பார்வை போய்விடும் என்று அர்த்தம் இல்லை, அதில் பாதுகாப்புக்கான இடைவெளி வைத்திருக்கிறார்கள். ஆனால் சில நொடிகளில் அந்த இடைவெளியும் தீர்ந்துவிடும் என்பதற்கு நியூயார்க் பெண்ணின் ஆறு நொடி சாட்சி.

மூன்று, எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியை ஓரளவு வடிகட்டும். குழந்தைகளின் லென்ஸ் தெளிந்த நீர் போல இருப்பதால் நீலமும் ஓரளவு புற ஊதாவும் தடையில்லாமல் உள்ளே போகும். கிரகணத்தன்று கட்டுப்படுத்த முடியாத ஆர்வத்தோடு வானத்தைப் பார்ப்பவர்களும் குழந்தைகள்தான். தொடுவானத்தில் சிவந்து நிற்கும் அதிகாலைச் சூரியனை ஒரு கணம் பார்த்துவிட முடிவதும் இதே காரணத்தால்தான். நீண்ட தூரம் காற்றைக் கடந்து வருவதால் அதன் நீலம் வழியிலேயே சிதறிப்போயிருக்கும். அதற்காக உதயச் சூரியனை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது சரி என்று ஆகிவிடாது. மேலே ஏற ஏற நீலம் வேகமாகத் திரும்பிவிடும்.

பாதிக்கப்பட்டவருக்கு என்ன தெரியும்? பார்வையின் சரி நடுவில் ஒரு புள்ளி, மங்கலாகவோ கருப்பாகவோ. அரை டிகிரி என்பது புத்தகம் பிடிக்கும் தூரத்தில் மூன்றரை மில்லிமீட்டர் அகலம். அதாவது படிக்கும்போது எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அந்த எழுத்து மட்டும் காணாமல் போகும், பக்கத்தில் உள்ளவை தெரியும். கட்டம் போட்ட தாளைப் பார்த்தால் நடுவில் உள்ள கோடுகள் வளைந்திருக்கும். ஒரு பொருள் இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு நிறமாகத் தெரியலாம். இவை தெரிய வேண்டுமானால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதைச் சோதிக்க வேண்டும். இரண்டையும் திறந்து வைத்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். மருத்துவமனையில் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையும் சில நேரம் ஏமாற்றும். நியூயார்க் பெண்ணின் வலது கண் அந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கியது, இடது கண் அதற்கு ஒரு படிதான் பின்தங்கியது. குறை இருக்கும் இடம் அவ்வளவு சிறியது. ஓசிடி என்ற ஸ்கேன் விழித்திரையை அடுக்கு அடுக்காக வெட்டிப் பார்த்ததுபோலக் காட்டும். அதில்தான் கூம்பு செல்களின் அடுக்கில் ஒரு சின்ன இடைவெளி விழுந்திருப்பது தெரியவரும்.

இதற்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பலன் இருப்பதாக உறுதியாகவில்லை. காத்திருப்பதுதான் சிகிச்சை. நல்ல வேளையாகப் பலருக்குப் பார்வை மூன்று முதல் ஆறு மாதத்தில் திரும்பிவிடுகிறது. கூம்பு செல்லின் ஒளி வாங்கும் நுனி இயல்பாகவே தேய்ந்து புதிதாக வளர்ந்துகொண்டே இருப்பது, சேதம் அந்த நுனியோடு நின்றிருந்தால் கைகொடுக்கும். செல்லின் உடல் வரையிலோ, அதற்கு உணவூட்டும் நிறமிப் படலம் வரையிலோ போயிருந்தால் திரும்ப வளர ஏதும் இருக்காது. 1999 ஆகஸ்ட் கிரகணத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் லெஸ்டர் நகர மருத்துவமனைக்கு 45 பேர் கண் பாதிப்பு என்று வந்தார்கள். பெரும்பாலானவர்கள் தேறிவிட்டார்கள். ஆனால் ஏழு மாதம் கழித்தும் நான்கு பேருக்கு அந்த வடுவின் சாயல் பார்வையில் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

இனி நம் வீடுகளில் நடப்பதைப் பேச வேண்டும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் சாணியோ மஞ்சளோ கரைத்து, தண்ணீரில் தெரியும் சூரியனைப் பார்ப்பது பல தலைமுறையாக வரும் பழக்கம். நேராகப் பார்க்கக்கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது போதுமான பாதுகாப்பு இல்லை. நீரின் பரப்பு தன் மீது விழும் ஒளியில் ஒரு பகுதியைப் பிரதிபலிக்கும். சூரியன் தலைக்கு மேலே இருந்தால் இரண்டு சதவீதம், 2019 காலைபோல வானத்தில் பாதிக்கும் கீழே இருந்தால் நான்கு சதவீதம் போல. சாணியும் மஞ்சளும் தட்டின் அடியிலிருந்து வரும் ஒளியைத்தான் தடுக்கும். மேற்பரப்பின் பிரதிபலிப்பை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஆக, ஒளி இருபத்தைந்தில் ஒரு பங்காகவோ ஐம்பதில் ஒரு பங்காகவோ குறையும். தேவை எவ்வளவு தெரியுமா? கிரகணக் கண்ணாடிக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 12312-2, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதிகபட்சம் 0.0032 சதவீதம், அதாவது ஏறக்குறைய முப்பதாயிரத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விட அனுமதிக்கிறது. தட்டு நீரில் தெரியும் சூரியன் இந்த வரம்பைவிட அறுநூறு மடங்குக்கும் மேல் கடுமையானது. நேராகப் பார்ப்பதைவிட இது பல மடங்கு நல்லது என்பது சரி, ஆனால் அந்த நம்பிக்கையில் நிமிடக் கணக்கில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் சேரும் கணக்கு சேரத்தான் செய்யும்.

எக்ஸ்ரே ஃபிலிமும் அப்படித்தான். எலும்பு வெள்ளையாகவும் மற்ற இடம் கருப்பாகவும் இருக்கும் படத்தில், ஒரு விரல்கடை தள்ளினால் அடர்த்தி மாறிவிடும். புகை படிய வைத்த கண்ணாடியிலும் சீரான அடர்த்தி கிடையாது, விரல் பட்டாலே அழியும். கருப்பாகத் தெரிவது மட்டும் போதாது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் புற ஊதாவையும் தடுக்க வேண்டும். வெல்டிங் செய்பவர்கள் பயன்படுத்தும் கண்ணாடியில் 14ஆம் எண் இருந்தால் அது போதும். பட்டறைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 10, 11ஆம் எண்கள். அவை போதாது.

கிரகணக் கண்ணாடியைச் சோதிப்பது எளிது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டு விளக்குகளைப் பார்த்தால் ஏறக்குறைய எதுவுமே தெரியக்கூடாது. சூரியன் மட்டும் கூசாத ஒரு சிறு வட்டமாகத் தெரிய வேண்டும். கண்ணாடியின் கருப்புப் படலத்தில் கீறலோ ஊசித் துளையோ இருந்தால் தூக்கி எறிந்துவிடலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்க்கக்கூடாது. குவிக்கப்பட்ட ஒளி அந்தப் படலத்தையே உருக்கிவிடும். கருவிகளுக்கு வடிகட்டியை முன் பக்கத்தில், ஒளி நுழையும் வாயில்தான் பொருத்த வேண்டும்.

என்னைக் கேட்டால், கண்ணாடி கிடைக்காத வீட்டில் ஓர் அட்டையும் ஊசியும் போதும். அட்டையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை ஒரு வெள்ளைத் தாளில் விழவைக்க வேண்டும். ஒரு மீட்டர் தள்ளித் தாளை வைத்தால் ஒன்பது மில்லிமீட்டர் அகலத்தில் சூரியனின் பிம்பம் விழும், தேய்வதும் வளர்வதும் அதில் தெரியும். இங்கே கண் பார்ப்பது தாளைத்தான். அடுப்படிச் சல்லடையைப் பிடித்தால் ஒரே நேரத்தில் நூறு பிறைகள் தரையில் விழும். வேம்பு, புளிய மரங்களின் அடியில் எந்தக் கருவியும் வேண்டாம். இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு துளைதான். 2019இல் வளையப் பட்டையில் இருந்தவர்கள் மரத்தடியில் நூற்றுக்கணக்கான குட்டி வளையங்களைப் பார்த்தார்கள்.

வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய நேரம் ஒன்றே ஒன்று உண்டு. முழு கிரகணத்தில் சூரியனின் கடைசிப் புள்ளியும் மறைந்த பிறகு, முதல் புள்ளி திரும்ப எட்டிப் பார்க்கும் வரை உள்ள சில நிமிடங்கள். அப்போது தெரியும் சூரியனின் வெளி ஒளிவட்டம் முழு நிலவின் பிரகாசத்தை ஒட்டியதுதான். அந்த நேரத்தில் கண்ணாடியைக் கழற்றாவிட்டால் எதுவுமே தெரியாது. இந்த வாய்ப்பு தமிழ் நிலத்துக்கு 1871 டிசம்பர் 12 அன்று கிடைத்தது. முழு கிரகணத்தின் நிழல் நீலகிரி, அவினாசி வழியாகக் கடந்து யாழ்ப்பாணம் போனது. பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் நீலகிரி மலையில் கருவிகளோடு காத்திருந்தார். சென்னை வான் ஆய்வகத்தின் போக்சன் அவினாசியில் இருந்தார். ஏறக்குறைய அதே நிலப்பகுதி, அதே டிசம்பர் மாதம். ஆனால் 1871இல் அங்கே நின்றவர்களுக்கு ஓரிரு நிமிடம் வெறும் கண்ணால் பார்க்கக் கிடைத்தது, 2019இல் அங்கே நின்றவர்களுக்கு ஒரு நொடிகூட இல்லை. வளைய கிரகணத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை சூரியனின் ஒரு பகுதி எப்போதும் வெளியே இருக்கும். முழு கிரகணத்தின் காணொளிகளில் மக்கள் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டாடுவதைப் பார்த்துவிட்டு, வளையம் வந்ததும் நாமும் கழற்றலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த வளையம் 2031 மே 21 அன்று கேரளம், தென் தமிழகம், வட இலங்கை வழியாக வரப்போகிறது. 2019இல் வளையம் காலை வெயிலில் வந்தது. 2031இல் அது நண்பகலைத் தாண்டியதும், சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும்போது வரும். காற்றைக் கடக்கும் தூரம் குறைவு என்பதால் ஒளியில் நீலம் அதிகம் இருக்கும், அதே பிறை அதே ஒரு நொடியில் 2019ஐவிடக் கூடுதலாகச் சேதம் செய்யும். ஊசித் துளை அட்டையைப் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் அது வசதி. அட்டையைத் தலைக்கு மேல் பிடித்தால் பிம்பம் காலடியில் தரையிலேயே விழும்.